நிலைச்சட்டம் சொல்லும் தடிமனும் சொல்லாத தடிமனும்

பழைய கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனை மதிப்பிடும் கள ஆய்வுகளில் ‘சுவர்த் தடிமன்’ என்றொரு கட்டம் தவறாமல் இருக்கும். அதை நிரப்பும் முறையும் ஏறத்தாழ எங்கும் ஒன்றே. சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். ஆகவே மாணவர் கதவருகே நின்று, உட்சுவர் முகத்திலிருந்து வெளிச்சுவர் முகம் வரை டேப்பை நீட்டிக் கிடைத்த எண்ணை எழுதிவிடுகிறார். கதவு எட்டாத இடத்தில் சன்னல் திண்டின் ஆழம் அதே வேலையைச் செய்கிறது. செங்கல் சுவருக்கு இம்முறை பெரும்பாலும் போதும். மண்சாந்தில் அடுக்கிய கல் சுவருக்கு இதே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது, ஆய்வு எதைக் கண்டுபிடிக்க வந்ததோ அதையே மறைத்துவிடும் என்பதே இப்பதிவின் வாதம்.

செங்கல்லுக்கு ஏன் போதும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். செங்கல் சுவரின் தடிமன் எந்த எண்ணாகவும் இருந்துவிட முடியாது. மரபான ஒன்பது அங்குலச் செங்கல்லில் ஒரு கல் சுவர் 230 மில்லிமீட்டர்; ஒன்றரைக் கல் சுவர் ஏறத்தாழ 350. இரண்டு பக்கப் பூச்சுக்கும் சேர்த்து 25 முதல் 35 மில்லிமீட்டர் கூட்டினால், சன்னலில் 255 முதல் 265 வரை வரவேண்டும். அல்லது 375-ஐ ஒட்டி வரவேண்டும். இடையில் 300 என்று வந்தால் அளவு தவறு, அல்லது சுவரின் மீது பின்னாளில் ஏதோ ஒட்டப்பட்டிருக்கிறது, அல்லது திண்டுப் பலகையின் முன்நீட்டமும் சேர்த்து அளக்கப்பட்டிருக்கிறது. செங்கல்லே அளவைச் சரிபார்த்துக் கொடுக்கிறது. கல் சுவருக்கு இத்தகைய படிநிலை கிடையாது. 580 வந்தாலும் 640 வந்தாலும் 710 வந்தாலும் நம்பத்தக்கதாகவே தோன்றும்.

மகாராட்டிரத்தின் மராத்வாடாப் பகுதி இதற்குத் தகுந்த களம். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியை மையமாகக் கொண்டு நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 7,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிலநடுக்கத்தின் அளவு 6.2-ஐ ஒட்டியதுதான், உலகக் கணக்கில் அது மாபெரும் நடுக்கமன்று. மக்களைக் கொன்றவை வீடுகள். கருங்கல்லை மண்சாந்தில் அடுக்கிய கனத்த சுவர்களும், மரச்சட்டங்களின்மீது தடிமனாக மண் பரப்பிய கூரைகளும் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது சரிந்தன. அவ்வீடுகளில் எதற்குள் நுழைந்திருந்தாலும் கதவோரத்தில் அகன்று உறுதியாகத் தோன்றும் சுவரைத்தான் ஓர் ஆய்வாளர் கண்டிருப்பார். அதே வகைச் சுவர்கள் தக்காணத்திலும் இமயமலை அடிவார ஊர்களிலும் இன்றும் நிற்கின்றன. மாணவர்கள் இன்றும் அவற்றை அளக்கிறார்கள்.

அச்சுவரின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் சிக்கல் விளங்கும். வெளியிலிருந்து பார்க்க ஒரே சுவராகத் தோன்றுவது உண்மையில் இரண்டு சுவர்கள். கொத்தர் வெளிமுகத்துக்கு ஒரு வரிசையும் உள்முகத்துக்கு ஒரு வரிசையும் கற்களை, நல்ல முகம் வெளித்தெரியும்படி அடுக்குகிறார். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சிறுகற்களாலும் மண்ணாலும் நிரப்புகிறார். இவ்விரு முகங்களையும் கோத்துப் பிடிக்க வேண்டியவை ஊடுகற்கள். அதாவது ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை நீளும் கற்கள். கட்டுமானத் துறையில் இவற்றை ‘த்ரூ ஸ்டோன்’ என்பர். இவ்வகைச் சுவர்களுக்கான இந்தியத் தர விதி IS 13828, உயரத்தில் 600 மில்லிமீட்டருக்கு ஒருமுறையும் நீளத்தில் 1.2 மீட்டருக்கு மிகாமலும் ஊடுகல் வைக்கவேண்டும் என்கிறது. கல் சுவரின் தடிமன் 450 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் அது சொல்கிறது. தடித்த சுவர் வலுவானது என்று பழகிய மனத்துக்கு இது முரணாகப் படலாம். ஆனால் சுவர் தடிக்கத் தடிக்க, அதன் குறுக்கே எட்டும் நீளமுள்ள கல் கிடைப்பது அரிதாகிறது, நிரப்பு மண் கூடுகிறது, எடையும் கூடுகிறது. 640 மில்லிமீட்டர் கல் சுவரின் ஒரு சதுர மீட்டர் பரப்பே ஒரு டன்னுக்கு மேல் கனக்கும்.

இனி கதவுக்கு வருவோம். கொத்தர் எவ்வளவு அலட்சியமாகச் சுவரை எழுப்பினாலும் திறப்பின் ஓரத்தில் அலட்சியமாக இருக்க முடியாது. அங்கே சுவரின் வெட்டுமுகம் கண்ணுக்குத் தெரியும், நிலைச்சட்டம் அமரவேண்டும், மேலே உத்தரத்தின் பாரம் இறங்கும். ஆகவே இருப்பதில் நீளமான, சதுரமான, செதுக்கிய கற்கள் அந்த ஓரக்கட்டுக்கே போகின்றன. இரண்டு முகங்களும் அங்கே ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கும். நிலைச்சட்டமும் இறுக்கிப் பிடித்திருக்கும். மழைநீர் ஊறி நடுமண் கரைந்து முகங்கள் பிரியத் தொடங்கும்போது கடைசியாகப் பிரிகிற இடம் இதுதான். அதாவது சுவர் முழுவதிலும் மிக நேர்த்தியான இடத்தைத் தேடிப்போய் அளந்து, அதையே சுவரின் இயல்பு என்று எழுதிவைக்கிறோம். நோயாளியின் உடலில் நோயில்லாத ஓர் உறுப்பை மட்டும் பரிசோதித்து நலச்சான்று தருவது போன்றது இது.

புள்ளியியல் பயின்றவர்களையும் இது ஏமாற்றும். ஒரு வீட்டின் ஐந்து திறப்புகளில் 630, 640, 640, 645, 635 என்று அளவுகள் வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 638, திட்டவிலக்கம் 6 கூட இல்லை. ஆய்வேட்டில் இவ்வளவு இணக்கமான தரவைப் பார்த்தால் நெறியாளர் மகிழ்ச்சியடைவார். அந்த இணக்கம் காட்டுவது ஒரே கொத்தரின் கைப்பழக்கத்தை. ஒரே நீளக் கோலை வைத்து அவர் ஐந்து ஓரங்களையும் முடித்திருக்கிறார். திறப்புக்கும் திறப்புக்கும் நடுவிலுள்ள சுவரைப் பற்றி அந்த ஐந்து எண்களும் எதுவும் அறியா. ஐந்தை ஐம்பதாக்கினாலும் இந்தச் சாய்வு குறையாது.

திறப்பில் அளப்பதையே கைவிடவேண்டும் என்பது இதன் பொருளன்று. அதைச் சரியாக அளப்பதே முதல் படி; அதிலேயே பல பிழைகள் நுழைகின்றன. நிலைச்சட்டத்தின் ஆழம் சுவரின் தடிமனாகாது. பெரும்பாலான சட்டங்கள் 75 அல்லது 100 மில்லிமீட்டர் ஆழமே உள்ளவை. சுவரின் நடுவிலோ வெளியோரத்திலோ நிற்பவை. ஆகவே வெளிமுகத்திலிருந்து சட்டம் வரை, சட்டம், சட்டத்திலிருந்து உள்முகம் வரை என மூன்று துண்டுகளையும் தனித்தனியே எழுதிப் பின்பு கூட்டவேண்டும். சன்னல் திண்டில் அளந்தால் பலகையின் முன்நீட்டத்தைக் கழிக்கவேண்டும். மேலும், கல் வீடுகளில் வெளிச்சம் பரவுவதற்காகத் திறப்பின் பக்கங்களை உள்நோக்கி விரித்துக் கட்டுவதுண்டு. அந்தச் சாய்முகத்தின்மீதே டேப்பை ஒட்டி அளந்தால் கூடுதலாக வரும். உள்பக்கத் துண்டு 500 மில்லிமீட்டராகவும் விரிவு 200 ஆகவும் இருந்தால், சாய்வாக அளப்பவருக்கு 538 கிடைக்கும். இரு முகங்களின்மீதும் நேரான கோலை வைத்து, மூலைமட்டத்தைக் கொண்டு செங்குத்தான தூரத்தை எடுத்தால் இந்த 38 மில்லிமீட்டர் தானே விலகிவிடும்.

இரண்டாம் படியில்தான் திறப்பு உண்மையாகவே பயன்படுகிறது. சுவரின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் ஒரே நேரத்தில் தொடக்கூடிய வழி திறப்பு மட்டுமே. அந்த வழியாக ஓர் அளவுக்கோட்டை உள்ளிருந்து வெளியே கடத்திச் செல்லலாம். இதற்கு வேண்டியவை நேரான மரக்கோல்கள் இரண்டு, தூக்குக்குண்டுகள் நான்கு, நூல், ரசமட்டம், டேப். ஒவ்வொரு கோலிலும் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு வெட்டுகள் போடவேண்டும். ஒரு கோலைக் கதவுத் திறப்பின் மேற்பகுதியிலும், மற்றொன்றை அதே சுவரிலுள்ள சன்னலின் மேற்பகுதியிலும், சுவருக்குச் செங்குத்தாகவும் மட்டமாகவும் நீட்டிக் கட்டினால், ஒவ்வொன்றின் ஒரு வெட்டு வீட்டுக்குள்ளும் மறு வெட்டு வெளியிலும் நிற்கும். நான்கு வெட்டுகளிலிருந்தும் தூக்குக்குண்டு இறங்குகிறது. உள்ளேயுள்ள இரண்டு தொங்குநூல்களை வேண்டிய உயரத்தில் ஒரு கிடைநூலால் இணைக்கவேண்டும். வெளியே உள்ள இரண்டையும் அவ்வாறே, அதே உயரத்தில். இப்போது சுவரின் இருபுறமும் ஒரு மீட்டர் இடைவெளியில் இணைகோடுகள் ஓடுகின்றன. எந்த இடத்திலும் உள்நூலிலிருந்து சுவர் எவ்வளவு தள்ளியிருக்கிறது, வெளிநூலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து, அவற்றின் கூட்டுத்தொகையை 1000-த்திலிருந்து கழித்தால் அவ்விடத்தின் தடிமன் வந்துவிடும். கோல் ஐந்து பாகை திரும்பியிருந்தாலும் பிழை 4 மில்லிமீட்டரைத் தாண்டாது. கிடைநூல் சற்றுத் தொய்ந்தாலும் கெடுதியில்லை. தொய்வு கீழ்நோக்கியது, அளவு பக்கவாட்டில் எடுக்கப்படுகிறது. காற்றுதான் எதிரி, குண்டைத் தண்ணீர் வாளிக்குள் தொங்கவிட்டால் ஆட்டம் அடங்கும்.

மராத்வாடா வகை வீடொன்றின் முன்சுவரைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்கிடலாம். கதவுக்கும் சன்னலுக்கும் இடையே மூன்று மீட்டர் சுவர். கதவோரத்தில் உள்நூல் தூரம் 180, வெளிநூல் தூரம் 180. ஆகவே தடிமன் 640. டேப்பால் நேரடியாக எடுத்ததும் இதுவே என்பதால் அமைப்பு சரியாக இருக்கிறது. அடுத்து இரண்டு திறப்புகளுக்கும் நடுவே, கதவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, மூன்று உயரங்களில் அளக்கிறோம். தரையிலிருந்து 0.3 மீட்டரில் வெளியே 175, உள்ளே 165, தடிமன் 660. 1.8 மீட்டரில் வெளியே 170, உள்ளே 168, தடிமன் 662. இரண்டுக்கும் நடுவே 1.2 மீட்டரில் வெளியே 120, உள்ளே 135, தடிமன் 745. கதவு சொன்னதைவிட இது 105 மில்லிமீட்டர் கூடுதல்.

இந்த 105-ஐ எப்படிப் படிப்பது? வெளிமுகம் 60 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கிறது. உள்முகம் 45 மில்லிமீட்டர் அறைக்குள் வந்திருக்கிறது. எதிரெதிர்த் திசைகளில் இரண்டும் நகர்ந்திருப்பதால், நடுவே பிளவு விழுந்திருக்க மிகுந்த வாய்ப்புண்டு. மாறாக, வெளியே 120-உம் உள்ளே 240-உம் வந்திருந்தால் தடிமன் 640 ஆகவே இருந்திருக்கும். சுவர் ஒட்டுமொத்தமாக வெளிப்புறம் வளைந்திருக்கிறது என்று பொருள். அதற்கான காரணமும் சிகிச்சையும் வேறு. கூட்டுத்தொகையை மட்டும் எழுதாமல் இரண்டு தூரங்களையும் தனித்தனியே பதிவுசெய்வது இதற்காகத்தான்.

பிளவு என்று முடிவுகட்டுமுன் இரண்டு ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். உள்முகத்தின் மண்பூச்சு அவ்விடத்தில் தடித்திருக்கலாம். பள்ளமான சுவரைச் சமன்செய்யப் பூச்சை அள்ளிப் பூசுவது வழக்கமே. பெயர்ந்த பூச்சின் ஓரத்திலோ, மின்விசைப் பெட்டி பதித்த குழியிலோ பூச்சின் தடிமனைக் காணலாம். 30 மில்லிமீட்டர் என்றால் கதவோரக் கல்கட்டு 610, நடுச்சுவர் 715. வேறுபாடு மாறவில்லை, பூச்சு எங்கும் ஒரே அளவாக இருந்தால் அது கணக்கைப் பாதிப்பதில்லை. மற்றோர் ஐயம், சுவர் கட்டியபோதே அப்படி இருந்திருக்கலாம் என்பது. கட்டும்போது நேர்ந்த கோணல் எங்கும் சிதறிக் கிடக்கும். பிரிவால் வந்த வீக்கம் நடு உயரத்தில் திரண்டு, மேலும் கீழும் திறப்பை நோக்கியும் படிப்படியாகத் தணியும். ஓரக்கட்டுக்கும் மற்றச் சுவருக்கும் இடையே நெடுக்கு விரிசல் இருக்கிறதா, சிறு சுத்தியலால் தட்டினால் வீங்கிய இடம் வெற்றொலி தருகிறதா என்பவை துணைச் சான்றுகள். சிறிது காலம் கழித்து அதே நூல்களைக் கட்டி மீண்டும் அளப்பதே எல்லாவற்றிலும் உறுதியான சான்று; ஆனால் ஓராண்டு ஆய்வேட்டுக்கு அது வாய்ப்பதில்லை.

வேறுபாடு எதில் போய் முடிகிறது என்பதைக் கணக்கே காட்டும். மூன்று மீட்டர் உயரச் சுவருக்கு 640 மில்லிமீட்டர் தடிமன் என்று எழுதினால், உயரத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் 4.7. எந்த மதிப்பீட்டு அட்டவணையிலும் இது மிகப் பத்திரமான எண். முகங்கள் பிரிந்துவிட்ட சுவரில் ஒவ்வொரு முகமும் தனியே நிற்கிறது. ஒரு முகம் 250 மில்லிமீட்டர் என்று கொண்டால் விகிதம் 12. அதுவும் சாந்துப் பிடிப்பே இல்லாத, தள்ளினால் எதிர்ப்பக்கம் தாங்க ஆளில்லாத 250. படிவத்தில் 745 என்று எழுதியிருந்தாலோ விகிதம் 4.0 ஆகி, சீர்குலைந்த சுவர் நல்ல சுவரைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிடும். ஆகவே நடுச்சுவரின் அளவை எடுத்து அதே கட்டத்தில் போடுவதும் தீர்வாகாது. திறப்பில் ஓர் எண், திறப்பிலிருந்து தள்ளி ஓர் எண், இரண்டுக்குமான வேறுபாடு என மூன்றும் தனித்தனியே நிற்கவேண்டும். அவற்றில் மிகுதியாகப் பேசுவது மூன்றாவதே.

இதை ஒப்புக்கொள்ளாதோர் சொல்லும் மறுப்பு நேரத்தைப் பற்றியது. ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் என்று திட்டமிட்ட விரைவுக் கணக்கெடுப்பில் நூல்கட்டி அளக்க முடியுமா? எல்லா வீட்டிலும் முடியாதுதான். சுவரை ஒட்டித் தானியக் குதிர்களும் பரண்களும் நிற்கும் அறைக்குள் உள்நூல் கட்டுவதே பெரும்பாடு. வீட்டுப் பெண்கள் அன்றாட வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கவும் நேரும். செங்கல் வீடுகளுக்கு இது தேவையே இல்லை. கல் வீடுகளிலும் பத்தில் ஒன்றைத் தேர்ந்து இவ்வாறு அளந்தால் போதும். மற்ற ஒன்பதில் திறப்பின் அளவை எழுதி, அது திறப்பின் அளவு என்பதைப் படிவத்தில் குறித்துவிடலாம். நேரமில்லை என்பது குறைவாக அளப்பதற்கு நியாயமாகலாம். அளக்காத இடத்துக்கும் சேர்த்து எண் எழுதுவதற்கு நியாயமாகாது.

வலுவூட்டல் வேலை தொடங்கும் வீடுகளில் இன்னொரு வாய்ப்பும் கிடைக்கிறது. பிரிந்த முகங்களைக் கோப்பதற்கான வழக்கமான முறை, சுவரின் சிறு கற்களை மெல்ல உருவி ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை துளை எடுத்து, இரு முனையும் கொக்கியாக வளைத்த கம்பியை வைத்துக் கான்கிரீட்டால் நிரப்புவது. அந்தத் துளை திறந்திருக்கும் சில மணி நேரத்தில் சுவரின் உண்மைத் தடிமனையும், ஒவ்வொரு முகத்தின் தடிமனையும், நடுவிலுள்ள வெற்றிடத்தையும் கண்ணால் பார்த்து அளக்கலாம். நூல்முறையின் அளவைச் சரிபார்க்க இதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது. துளை மூடப்படுமுன் அங்கே டேப்போடு ஒருவர் நிற்கவேண்டும். பொறியாளர் குழுவும் ஆய்வு மாணவர்களும் வெவ்வேறு நாள்களில் ஊருக்குப் போவதால் பெரும்பாலும் யாரும் நிற்பதில்லை.

கடைசியாக, திறப்பே இல்லாத சுவர்கள். பின்சுவரும் பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரும் பல வீடுகளில் முழுச் சுவர்களாகவே இருக்கும். நிலைச்சட்டம் இல்லாத இடத்தில் நிலைச்சட்ட முறை செல்லாது. படிவத்தில் முன்சுவரின் எண்ணையே பின்சுவருக்கும் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. வீட்டின் வெளி ஆழத்திலிருந்து அறையின் உள் ஆழத்தைக் கழித்தால் முன்சுவர், பின்சுவர் இரண்டின் கூட்டுத்தொகையாவது கிடைக்கும். வெளியே 4.50 மீட்டர், உள்ளே 3.10 மீட்டர் என்றால் இரண்டு சுவர்களுக்கும் சேர்த்து 1.40 மீட்டர். அளந்த உயரத்தில் முன்சுவர் 0.66 என்று நூல்முறையில் தெரிந்தால் பின்சுவர் 0.74. இதில் டேப்பின் பிழையும் அறையின் கோணலும் சேர்ந்து இருபது முப்பது மில்லிமீட்டர் இங்குமங்கும் போகலாம். ஆனாலும் பின்சுவர் முன்சுவரைப் போன்றதல்ல என்ற செய்தியை அந்தக் கழித்தல் தந்துவிடுகிறது. பக்கத்து வீட்டோடு பகிர்ந்த சுவரில் இதற்கும் வழியில்லை. அந்தக் கட்டத்தில் ‘அளக்கப்படவில்லை’ என்று எழுதவேண்டும்.